உயர்தர வகுப்புக்கு வாதக் கட்டுரை கற்பித்தல்: எதிர்வாதத்தை முன்னே கொண்டுவரும் திட்டச் சட்டகம்

தரம் 12 மாணவரிடம் வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் வருவது பெரும்பாலும் ஒரே வடிவம். முதல் பந்தியில் "இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பம். நடுவில் மூன்று பந்திகளில் ஒரே கருத்து, வேறு வேறு சொற்களில். கடைசிப் பந்திக்கு முன் "சிலர் இதை மறுப்பர், அது தவறு" என்று இரண்டு வரி. எதிர்வாதம் முடிந்தது!

அந்த இரண்டு வரி ஏன் அப்படி வறண்டு கிடக்கிறது என்றால், கட்டுரை முழுவதும் தீர்மானமான பிறகுதான் மாணவர் எதிர்ப்பக்கத்தைப் பற்றி யோசிக்கிறார். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். எதிர்வாதம் நிலைப்பாட்டுக்கு முன்னால் வரும். கட்டுரையில் அது எங்கே இடம்பெறுகிறது என்பது வேறு விஷயம். யோசிக்கும் வரிசையைத்தான் சொல்கிறேன்.

ஒரே தலைப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோகிறேன்: "ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வகுப்புகள் தடை செய்யப்பட வேண்டும்." கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இதில் சொந்தக் கருத்து உண்டு.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள் தேவை, அதாவது 80 நிமிடம். தனித்தனி 40 நிமிடங்களாகப் பிரித்தால் எதிர்வாதப் பகுதி நடுவில் அறுந்துபோகும். மறுநாள் அந்தச் சூடு இருக்காது.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள், பேனை, பென்சில். தாளைக் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள். கொப்பியில் எழுத விடாதீர்கள். கொப்பியில் எழுதியதை அடிப்பதற்குப் பிள்ளைகளுக்கு மனம் வராது, இங்கே அடித்து மாற்றுவதுதான் வேலையே.

தலைப்புத் தெரிவில் ஒரு நிபந்தனை: வகுப்பில் இரண்டு பக்கத்துக்கும் உண்மையாகவே ஆள் இருக்க வேண்டும். "சூழலைப் பாதுகாக்க வேண்டும்" போன்ற தலைப்பில் எதிர்ப்பக்கமே கிடையாது, அதில் எதிர்வாதம் பழக முடியாது. கை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து பேர்கூட இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள்.

2. தலைப்பை உடைத்துக் கேள்விகளாக்குதல்

தலைப்பைக் கொடுத்ததும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். முதலில் தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் கேள்வியாக்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு முழுவதுமா, காலை மட்டுமா? எந்த வகுப்பு மாணவருக்கு? வீட்டில் தனியாகச் சொல்லிக்கொடுப்பதும் இதில் அடங்குமா? சூம் வகுப்பு? தடை செய்வது யார், மீறினால் என்ன?

இந்தக் கேள்விகளுக்கு இப்போதே விடை எழுதத் தேவையில்லை. கரும்பலகையின் ஓரத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு நிலைப்பாட்டைத் திருத்தும் போது எங்கே வெட்டலாம், எங்கே விதிவிலக்கு வைக்கலாம் என்று மாணவர் தேடுவார். அந்த இடங்கள் இந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன.

3. பென்சிலால் ஒரு நிலைப்பாடு

இப்போது ஒவ்வொருவரும் தாளின் மேற்பக்கம் ஒரே ஒரு வசனத்தில் தன் நிலைப்பாட்டையும் முதன்மைக் காரணத்தையும் எழுத வேண்டும். பென்சிலால். பேனையால் எழுதியதை மாணவர் காப்பாற்றப் பார்ப்பார், பென்சில் என்றால் அழிக்கலாம் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

வழக்கமாக வரும் வசனம் இப்படி இருக்கும்: "ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வகுப்புகளைத் தடை செய்ய வேண்டும், ஏனென்றால் மாணவருக்கு ஓய்வும் சமயக் கல்வியும் தேவை."

இதில் இரண்டு காரணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பின்னால் சிக்கல் வரும். தமிழ்மொழி மூல வகுப்பில் இந்துப் பிள்ளைகளோடு கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். "சமயக் கல்வி என்றால் எங்களுக்கு ஜும்ஆ வெள்ளிக்கிழமைதானே, ஞாயிறு எதற்கு?" என்று ஒரு முஸ்லிம் மாணவர் கேட்டால் அந்தக் காரணம் பாதியாகிவிடுகிறது. ஓய்வு என்ற காரணமோ எல்லோருக்கும் பொது, ஆனால் அதற்கு ஞாயிறுதான் வேண்டும் என்றில்லை. வாரத்தில் ஏதாவது ஒரு நாள் போதும்.

ஆகவே இரண்டில் எது முதன்மை என்று மாணவரே தெரிவு செய்ய வேண்டும். எதைத் தெரிவு செய்கிறார் என்பதைப் பொறுத்துக் கட்டுரை வேறு வழியில் போகும். நம் எடுத்துக்காட்டில் ஓய்வை எடுத்துக்கொள்வோம்.

4. சான்று எதை நிறுவுகிறது என்று கேட்டல்

சான்று கொண்டுவாருங்கள் என்றால் முதலில் வருவது குறள். கல்வி பற்றிய தலைப்பு என்றால் "கற்க கசடற" தப்பாமல் வரும். குறளை நான் தடுப்பதில்லை. ஆனால் அதைச் சான்றாக எண்ண விடுவதில்லை. எது நல்லது என்று சொல்ல அது உதவும். ஞாயிறு வகுப்பால் மாணவர் களைத்துப்போகிறார் என்பதை அது நிறுவாது.

அதற்காக எல்லோரையும் இணையத்தில் புள்ளிவிவரம் தேட அனுப்புவதும் முதல் கட்டுரைக்குச் சரிவராது. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லத் தெரியாத எண்களோடு திரும்பி வருவார்கள். வகுப்பிலேயே கிடைக்கும் சான்றுகள் மூன்று போதும்: வகுப்பில் எடுத்த கணக்கெடுப்பு, எல்லோரும் அறிந்த நடைமுறை, ஒருவரின் நேரடி அனுபவம்.

ஒவ்வொரு சான்றுக்குப் பக்கத்திலும் இரண்டு வரி எழுத வேண்டும். "இது எதைக் காட்டுகிறது?" ஒன்று. "எதைக் காட்டவில்லை?" மற்றது. இந்தச் சட்டகத்தில் மாணவர் அதிகம் தடுமாறும் இடம் இரண்டாவது வரிதான். அதனால் ஓரளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கெடுப்பு. 30 பேருள்ள வகுப்பில் ஞாயிறு வகுப்புக்குப் போகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்கிறோம். 22 பேர் உயர்த்தியதாக வைத்துக்கொள்வோம். மாணவர் உடனே "பெரும்பான்மையான இலங்கை மாணவர் ஞாயிறு ஓய்வின்றித் தவிக்கின்றனர்" என்று எழுதிவிடுவார். இந்த எண் காட்டுவது நம் வகுப்பில் 22 பேர் போகிறார்கள் என்பதை மட்டும். இலங்கை முழுவதும் அப்படி என்று காட்டவில்லை. தவிக்கிறார்கள் என்றும் காட்டவில்லை, விரும்பியும் போகலாம். அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சான்று பலக்கும்: "ஞாயிறு எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்?"

அடுத்தது எல்லோரும் அறிந்த நடைமுறை. பொதுப் பரீட்சை தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதே அந்தப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. பரீட்சை முடியும்வரை தடை இருக்கும். நல்ல சான்று. எதைக் காட்டுகிறது? இப்படியொரு தடையை இந்த நாட்டில் விதிக்க முடியும், அது புதுமையல்ல. எதைக் காட்டவில்லை? ஆண்டு முழுவதும் வாரந்தோறும் ஒரு தடையைக் கண்காணிக்க முடியும் என்று. ஓய்வு கிடைக்கும் என்றும் அது சொல்லவில்லை. ஆகவே "தடை நடைமுறைச் சாத்தியமா" என்ற கேள்விக்கு மட்டும் இந்தச் சான்றைப் பயன்படுத்தலாம்.

உண்மையாக இருந்தும் பொருந்தாத சான்றும் வரும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 சதவீத வரவு கேட்கப்படுகிறது, ஆகவே ஞாயிறு வகுப்பு கூடாது என்று எழுதுவார்கள். வரவு பாடசாலை நாட்களுக்கு உரியது, ஞாயிறு பாடசாலையே இல்லை. "எதைக் காட்டுகிறது" என்ற வரியை எழுத முயலும்போது மாணவரே இதைப் பிடித்துவிடுவார். எழுத முடியாமல் பேனை நிற்கும்.

5. எதிர்வாதத்தை எதிர்ப்பக்கத்தவர் எழுதட்டும்

இரண்டாவது பாடவேளை இங்கே தொடங்கினால் நல்லது.

எதிர்ப்பக்கம் நிற்கும் ஒருவரோடு ஒவ்வொருவரையும் சோடி சேர்த்துத் தாள்களை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணிக்கை சமமாக இருக்காது. எதிர்ப்பக்கத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று தாள் வந்தாலும் பரவாயில்லை. அவர் அந்தத் தாளில் எதிர்வாதமாகத் தன் பக்கத்தின் மிக வலுவான ஒரு காரணத்தை எழுத வேண்டும். ஒன்றுதான். மூன்று பலவீனமான காரணம் கிடைத்தால், தாளுக்குரியவர் அதில் இலகுவானதைத் தெரிந்து வெட்டிவிட்டுத் தப்பிவிடுவார்.

ஏன் மாணவர் தானே எழுதக்கூடாது? தானே எழுதினால் விழுத்த வசதியானதைத்தான் எழுதுவார். "சில பெற்றோர் போட்டி மனப்பான்மையால் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புகின்றனர்" என்பது எதிர்வாதமல்ல, எதிர்ப்பக்கத்தாரைப் பற்றிய குற்றச்சாட்டு. பாடசாலை விவாத அணியில் பேசுகிற பிள்ளைகளிடம் இது கூடுதல். மேடையில் எதிரணியை மட்டந்தட்டினால் கைதட்டல் விழும், கட்டுரையில் புள்ளி விழாது. அவர்கள் மொழியில் கெட்டிக்காரர் என்பதால் இந்தக் குறை எளிதில் கண்ணில் படுவதில்லை. வாக்கியங்கள் அழகாக இருக்கும், உள்ளே எதிர்வாதம் இருக்காது.

எதிர்ப்பக்க மாணவர் எழுதினால் வேறொன்று வரும். எடுத்துக்காட்டாக:

"எங்கள் பாடசாலையில் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. வார நாட்களில் வேறு பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு சேர் ஞாயிறு மட்டும்தான் வகுப்பு எடுக்கிறார். அதை நிறுத்தினால் நான் பௌதிகவியலை யாரிடம் படிப்பது?"

இதை "அது தவறு" என்று ஒரு வரியில் கடக்க முடியாது.

தாள் திரும்பி வந்ததும் உரியவர் அந்தக் காரணத்தைத் தன் சொற்களில் கட்டுரை நடையில் மீண்டும் எழுதி, எதிர்ப்பக்கத்தவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். "ஓம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்து. கையெழுத்துக்காக நடக்கும் வாக்குவாதத்தில் தலையிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

6. பென்சில் வசனத்தைத் திருத்துதல்

இந்த இடத்துக்காகத்தான் இதுவரை வந்த வரிசை.

கையெழுத்து விழுந்த எதிர்வாதத்தைப் பார்த்த பிறகு மாணவருக்கு மூன்று வழி உண்டு. அந்தக் காரணம் பிழை என்று சான்றோடு காட்டலாம். அது சரிதான், ஆனால் என் காரணம் அதைவிடக் கனமானது என்று நிறுவலாம். அல்லது அது சரி என்று ஏற்று, அதற்கேற்பத் தன் நிலைப்பாட்டின் எல்லையைக் குறைக்கலாம்.

முதல் வழியைத்தான் எல்லோரும் முதலில் முயல்வார்கள். ஆசிரியர் இல்லை என்பது பிழை என்று காட்ட யாரிடமும் சான்று இருக்காது. இரண்டாவது வழியில், ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் பௌதிகவியலைவிடக் கனமானது என்று சொல்ல வேண்டும். முடியாததில்லை, ஆனால் கடினம். பெரும்பாலானோருக்கு மூன்றாவதுதான் பொருந்தும். கரும்பலகை ஓரத்தில் விட்டு வைத்த கேள்விகளை இப்போது காட்டுங்கள். எந்த வகுப்பு மாணவருக்கு? ஞாயிறு முழுவதுமா?

திருத்திய வசனம் இப்படி வரலாம்: "தரம் 11 வரையான மாணவருக்கு ஞாயிறு பிற்பகல் 2 மணிவரை தனியார் வகுப்புகளைத் தடை செய்ய வேண்டும், உயர்தர மாணவருக்கு அந்தத் தடை தேவையில்லை."

தரம் 12 மாணவர் தனக்கு விதிவிலக்கு எழுதிக்கொள்வது வசதியான முடிவுதான். அதனால் "ஏன் தரம் 11உடன் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அது எல்லை அல்ல, தப்பும் வழி. "உயர்தரப் பாடங்களுக்குத்தான் ஆசிரியர் தட்டுப்பாடு எங்களுக்குக் கடுமை, கீழ் வகுப்புப் பாடங்களுக்கு வார நாட்களிலும் வகுப்பு கிடைக்கிறது" என்றால் ஒரு காரணம் இருக்கிறது. சாதாரண தரக் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலை உண்டே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். முதல் கட்டுரைக்கு ஒரு சுற்று எதிர்வாதம் போதும், அடுத்த சுற்றுக்குப் போனால் மணி அடித்துவிடும்.

வேலை நடந்ததா என்று பார்க்க எளிய வழி: பென்சில் வசனத்தையும் திருத்திய வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்கூட மாறவில்லை, அதை மாற்றாமல் விட்டதற்குப் புதிய காரணமும் சேரவில்லை என்றால் எதிர்வாதம் அந்த மாணவரைத் தொடவேயில்லை. 5ஆம் படிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

7. நிரப்பிய சட்டகம்

இப்போது ஏ4 தாளின் மறுபக்கத்தில் சுத்தமாக எழுதலாம், பேனையால். நம் எடுத்துக்காட்டு இப்படி இருக்கும்:

நிலைப்பாடு: தரம் 11 வரை, ஞாயிறு பிற்பகல் 2 மணிவரை தடை. உயர்தரத்துக்கு இல்லை.

காரணம் 1: வாரத்தில் ஒரு காலையாவது வகுப்பில்லாமல் இருக்க வேண்டும்.
சான்று: வகுப்புக் கணக்கெடுப்பு, தரம் 10இல் நாங்கள் ஞாயிறு வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரமும் திரும்பிய நேரமும்.
எல்லை: எங்கள் வகுப்பைப் பற்றி மட்டுமே சொல்லலாம்.

காரணம் 2: தடை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால்தான் யாரும் நிறுத்தத் துணிவார்கள். ஒருவர் மட்டும் நின்றால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம்.
சான்று: வகுப்பை விட நினைத்தும் விடாத ஒரு மாணவரின் அனுபவம்.
எல்லை: ஒருவரின் அனுபவம்.

எதிர்வாதம்: தமிழில் பாட ஆசிரியர் இல்லாத உயர்தர மாணவருக்கு ஞாயிறு வகுப்பே பாடம்.
பதில்: ஏற்கிறேன், ஆகவே உயர்தரத்துக்கு விலக்கு.

நடைமுறை: பரீட்சைக்கு முந்திய தடை ஏற்கெனவே உள்ளது. எல்லை: அது சில நாட்களுக்கு மட்டும்.

முழு வசனங்களாக எழுத விடாதீர்கள். சட்டகத்தில் பந்தி எழுதிவிட்டால் கட்டுரை என்பது அதைப் பார்த்துப் பிரதிபண்ணுவதாகிவிடும். இரண்டாவது காரணம் முதல் காரணத்தின் மறுபிரதியா என்றும் பாருங்கள். "ஓய்வு தேவை", "களைப்பு ஏற்படுகிறது" இரண்டும் ஒன்றே.

8. முதலில் எழுதுவது எதிர்வாதப் பந்தி

கட்டுரையை முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்க வேண்டாம். முன்னுரையில் தொடங்கினால் "இன்றைய நவீன உலகில்" திரும்பி வந்துவிடும். இன்னும் சொல்லாததை அறிமுகம் செய்ய யாராலும் முடியாது. எதிர்வாதப் பந்தியை முதலில் எழுதச் சொல்லுங்கள், அன்றைய வேலை அது ஒன்றுதான்.

மாணவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"சிலர் ஞாயிறு வகுப்பு தேவை என்று கூறுகின்றனர். ஆனால் அவர்கள் மாணவரின் ஓய்வைப் பற்றிச் சிந்திப்பதில்லை. எனவே தடை அவசியமாகும்."

இரண்டாவது வசனத்திலேயே "ஆனால்" வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துக்குக் கிடைத்தது ஒரு வசனம், அதிலும் காரணமில்லை. இதற்கு நான் வைக்கும் விதி: "ஆனால்", "எனினும்" போன்ற சொல் வருமுன் எதிர்ப்பக்கத்துக்கு மூன்று வசனமாவது கொடுக்க வேண்டும், நாலாவது வசனத்தில் அதில் எதை ஏற்கிறோம் என்று சொல்ல வேண்டும். விதியைப் பின்பற்றித் திருத்தினால்:

"உயர்தர மாணவர் பலருக்கு ஞாயிறுதான் வகுப்புக்குக் கிடைக்கும் முழு நாள். வார நாட்களில் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் அன்றுதான் தனியார் வகுப்பு எடுக்கிறார்கள். தமிழில் பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிப்பவருக்கு அந்த வகுப்பு மேலதிகப் பயிற்சி அல்ல, அதுவே பாடம். இவர்களிடமிருந்து ஞாயிறைப் பறிப்பது நியாயமாகாது. எனினும் தரம் 6இலோ 7இலோ படிக்கும் பிள்ளைக்கு இந்த நெருக்கடி இல்லை. அவர்களது வகுப்புகளை வார நாட்களுக்கு மாற்றலாம். ஆகவே தடை தரம் 11உடன் நிற்க வேண்டும்."

கடைசி வசனம் நிலைப்பாட்டுக்குத் திரும்புகிறது என்பதைக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் மாணவர் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட்டார் போலத் தோன்றும். ஏற்பது பழகிய பிள்ளைகளிடம் இந்தப் பிழை புதிதாக முளைக்கும்.

மற்றப் பந்திகளை வீட்டில் எழுதலாம். சான்றுப் பந்தியில் சட்டகத்தின் "எல்லை" வரியும் ஒரு வசனமாக வர வேண்டும்: "எங்கள் வகுப்பை மட்டும் கேட்டோம், ஆனாலும்..." என்பது போல. முன்னுரை கடைசியில், நாலு வசனத்துக்கு மேல் வேண்டாம்.

9. திருத்தும்போது

முதல் கட்டுரையில் எழுத்துப் பிழை, சந்திப் பிழை எதையும் தொடாதீர்கள். சிவப்பு மையில் ஒற்றுப் பிழைகள் நிறைந்திருந்தால் மாணவர் அவற்றைத் திருத்திவிட்டுக் கட்டுரையைத் திருத்தியதாக எண்ணிக்கொள்வார். மூன்று இடத்தில் மட்டும் கோடிடுங்கள்: நிலைப்பாடு சொல்லப்பட்ட வசனம், சான்றின் எல்லை சொல்லப்பட்ட வசனம், எதிர்ப்பக்கத்தை ஏற்ற வசனம். கோடிட இடம் கிடைக்கவில்லை என்றால் ஓரத்தில் வெறும் கட்டம் வரைந்து விடுங்கள். அதை நிரப்புவதுதான் திருத்த வேலை. மொழிப் பிழைகளை அடுத்த வரைவில் பார்க்கலாம்.

10. பரீட்சைக்குச் சுருக்குதல்

பரீட்சை மண்டபத்தில் எதிர்ப்பக்கத்து நண்பர் பக்கத்தில் இருக்கமாட்டார், ஏ4 தாளும் கிடையாது. இரண்டாவது கட்டுரையிலிருந்தே சட்டகத்தைச் சுருக்கத் தொடங்குங்கள். மூன்றாவதில் ஐந்து வரிதான் மிஞ்ச வேண்டும்: நிலைப்பாடு, காரணம் 1, காரணம் 2, எதிர்வாதம், திருத்திய நிலைப்பாடு. சான்றை அந்தந்தக் காரணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லில் குறித்தால் போதும். உயர்தர வினாத்தாளுக்குத் தரப்படும் மேலதிக 10 நிமிட வாசிப்பு நேரத்தில், இரண்டு பக்கமும் தனக்கு வலுவாகத் தெரியும் தலைப்பைத் தெரிவு செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் தெரியும் தலைப்பு இலகுவாகத் தோன்றும், நாலாவது வரியில் மாட்டிக்கொள்வார்கள்.

சுருக்கும்போது முதலில் காணாமற்போவது ஐந்தாவது வரி. முதல் வரியையே திரும்ப எழுதிவிடுவார்கள். தவணைப் பரீட்சை விடைத்தாளைத் திருத்தும்போது, கட்டுரைக்கு முன் எழுதிய அந்த ஐந்து வரியை முதலில் பாருங்கள். முதல் வரியும் ஐந்தாவது வரியும் ஒன்றாக இருக்கும் மாணவரை மட்டும் தனியே அழைத்து, ஒரு தலைப்புக்கு 5ஆம், 6ஆம் படிகளை வாய்மொழியாக மீண்டும் செய்ய வைத்தால் போதும். எதிர்ப்பக்கத்தவராக நீங்களே இருங்கள்.